ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஓர் இணையதளம்: கண்ணில் படாத வரிகளில் இருந்த விளம்பரம்

2023 செப்டம்பர் கடைசி வாரம். டேக்ஸ் ஆடிட் கெடு முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. தி.நகரில் இருக்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அப்பாவும் மகளும் பங்குதாரர்களாக நடத்தும் அலுவலகம் அது. அந்த வாரத்தில் எந்த ஆடிட்டரும் வெப்சைட்டைப் பற்றிப் பேச மாட்டார். அதனால் ஏதோ அவசரம் என்று புரிந்தது.

போனதும் பெரியவர் தன் செல்போனை நீட்டினார். அவருடன் படித்த இன்னொரு ஆடிட்டர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் அதில் இருந்தது. கூகுளில் அலுவலகத்தின் பெயரைத் தேடினால் வரும் முதல் முடிவு. நீல எழுத்தில் "சென்னையின் சிறந்த வரி ஆலோசகர்கள்" என்று ஆங்கிலத்தில் தலைப்பு. கூடவே ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் என்று ஒரு துண்டு. அதற்குக் கீழே, நம்பர் ஒன் நிறுவனம், இலவச ஜிஎஸ்டி ஆலோசனைக்கு இப்போதே அழையுங்கள் என்று இரண்டு வரி. படத்தோடு வந்த செய்தி ஒரே வரிதான்: "இது உன் சைட்டா?"

"தம்பி, நான் இதை எழுதச் சொல்லவே இல்லை. சைட்டைத் திறந்து பார்த்தா இந்த வாசகமே எங்கேயும் இல்லை. பின்ன எங்கேர்ந்து வருது?" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பக்கத்தில் அந்த வாசகம் இல்லை. பக்கத்தின் மூலநிரலைத் திறந்தேன், அங்கே இருந்தது.

```html
<title>Best Tax Consultants in Chennai | 500+ Happy Clients</title>
<meta name="description" content="No.1 CA firm in Chennai.
 Call now for FREE GST consultation!">
```

முன்பு அந்தத் தளத்தை அமைத்தவர் ஒரு ஆயத்த டெம்ப்ளேட்டை வாங்கி, அதிலிருந்த தேடல் வரிகளில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். துணிக்கடைக்கோ பல் மருத்துவமனைக்கோ எழுதுகிற அதே வரி. ஆடிட்டர் விஷயத்தில் இந்த இரண்டு வரியிலேயே நாலு தவறு இருக்கிறது. பெரியவருக்கு அந்த நாலும் பார்த்தவுடன் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. அன்று அவர் உட்காரவைத்துச் சொன்னதிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது

ஆடிட்டர்களுக்கான 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர்கள் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று உண்டு. எவையெல்லாம் தொழில் ஒழுங்கீனம் என்று அதில் வரிசையாக இருக்கிறது. அதன் முதல் பகுதியில் ஆறாவது, ஏழாவது கூறுகள்தான் நமக்கு வேண்டியவை. சுற்றறிக்கை, விளம்பரம், நேர்ப்பேச்சு என எந்த வழியிலும், நேராகவோ சுற்றிவளைத்தோ வேலை கேட்டுப் போகக் கூடாது என்பது ஆறாவது. தன் திறமையையும் சேவையையும் விளம்பரம் செய்யக் கூடாது, பட்டயக் கணக்காளர் என்பதைத் தவிர வேறு தொழில் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது ஏழாவது. பல்கலைக்கழகப் பட்டங்களுக்கும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளின் உறுப்பினர் பட்டங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

2006-இல் வந்த திருத்தம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. அலுவலகத்தின் விவரங்களையும் செய்யும் சேவைகளையும் ஒரு குறிப்பாக எழுதி வெளியிடலாம், ஆனால் பட்டயக் கணக்காளர்களுக்கான அமைப்பான இன்ஸ்டிட்யூட்டின் கவுன்சில் தரும் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு என்றது. அதன்படி 2008-இல் விளம்பர வழிகாட்டுதல்கள் வந்தன. இணையதளத்துக்குத் தனி வழிகாட்டுதல் இருக்கிறது. அதன் சாரத்தைப் பெரியவர் ஒரே உதாரணத்தில் விளக்கினார்.

"ரங்கநாதன் தெருவுல கடைக்கு வெளியே நின்னு கூப்பிடுவாங்களே, வாங்க சார், உள்ளே வந்து பாருங்கன்னு. அதை நாங்க செய்யக் கூடாது. ஆனா கதவைத் திறந்து உள்ளே வந்து ஒருத்தர் கேட்டா, பதில் சொல்லலாம். சைட்டும் அப்படித்தான்."

ஆங்கிலத்தில் இதைப் புல், புஷ் என்று பிரிக்கிறார்கள். வருபவர் தானாகத் தேடி, சொடுக்கி, கேட்டு எடுத்துக்கொள்வது புல். அவர் கேட்காமலே நாம் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது புஷ். 2023-இல் இருந்த விதிப்படி பெயர், தொடங்கிய ஆண்டு, முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை நேரடியாகத் தெரியலாம். சேவைகள், பங்குதாரர்களின் அனுபவத் துறை, கையாண்ட பணிகளின் தன்மை ஆகியவை கேட்டால் மட்டுமே தெரிய வேண்டும். வாடிக்கையாளர் பெயரும் வாங்கும் கட்டணமும் கேட்டாலும் வரக் கூடாது.

இதையெல்லாம் மனதில் வைத்து அந்த இரண்டு வரியை மறுபடி படித்தால் நாலும் தெரியும். "சிறந்த", "நம்பர் ஒன்" என்பவை மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தன்னை உயர்த்திக்கொள்ளும் சொற்கள். "வரி ஆலோசகர்" என்பது அனுமதி இல்லாத பட்டம். "ஐந்நூறு மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்" என்பது மிகைக் கூற்று, பாதி நற்சான்று. "இலவசம், இப்போதே அழையுங்கள்" என்பது நேராக வேலை கேட்பது. இதெல்லாம் கூகுளின் தேடல் பக்கத்தில் தெரிகிறது. வந்தவர் இன்னும் நம் தளத்துக்குள் கால் வைக்கவே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது 2023 கடைசியில் நடந்த வேலை. கவுன்சில் இந்த வழிகாட்டுதல்களை அவ்வப்போது திருத்துகிறது. ஆகவே தளத்தை ஏற்றும் நாளில் எந்த வாசகம் நடைமுறையில் இருக்கிறதோ அதை எடுத்துப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இன்னொருவர் தளத்தைப் பார்த்துப் போடுவது ஆபத்து. நான் அன்று பார்த்த தளங்களில் பலவும் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவையாக இருந்தன.

பழைய தளத்தைப் பிரித்துப் பார்த்தது

கெடு முடிந்து அக்டோபரில் உட்கார்ந்தோம். கண்ணுக்குத் தெரிந்ததைக் கழிக்க அரை மணிதான் ஆனது. முகப்பில் தானாக ஓடிக்கொண்டிருந்த படவரிசை ஒவ்வொரு சேவையாகக் காட்டிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமல் ஓடுவதால் அது போக வேண்டும். வானுயரக் கட்டடப் படமும், ஆயுத பூஜை அன்று ஊழியர்கள் எல்லோரும் நின்று எடுத்த படமும் போயின. பங்குதாரர்களின் பாஸ்போர்ட் அளவுப் படம் தவிர வேறு புகைப்படத்துக்கு இடமில்லை. பெயரின் முதலெழுத்துகளைப் பின்னி யாரோ வரைந்து தந்த முத்திரையும் போனது. அதற்குப் பதில் இன்ஸ்டிட்யூட் உறுப்பினர்களுக்குத் தரும் சி.ஏ. லோகோவை, அவர்கள் சொன்ன வடிவிலும் நிறத்திலும் மாற்றாமல் வைத்தோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மகளுக்கு வருத்தம். "எங்களை நம்பியவர்கள்" என்று பன்னிரண்டு நிறுவனங்களின் லோகோ இருந்த பட்டை. "அவங்களே பர்மிஷன் கொடுத்தாங்க" என்றார். அனுமதி கொடுத்தாலும் போட முடியாது. வாடிக்கையாளர் பெயர் கூடாது என்ற விதி, அந்த வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பதற்கு மட்டும் இல்லை, பெரிய பெயர்களைக் காட்டி அடுத்தவரை இழுப்பதைத் தடுக்கவும்தான்.

கண்ணுக்குத் தெரியாததற்குத்தான் இரண்டு நாள் பிடித்தது. தலைப்பும் விளக்க வரியும் முதலில் அகப்பட்டவை. அவை தவிர, படங்களின் மாற்று உரையில் அதே "சிறந்த வரி ஆலோசகர்" இருந்தது. வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிர்ந்தால் கூடவே வரும் முன்னோட்டப் படத்தில், முன்பு போட்ட ஒரு "முதல் ஆலோசனை இலவசம்" பேனர் ஒளிந்திருந்தது. தேடுபொறிக்காகவே எழுதும் கட்டமைப்புத் தரவில் இன்னொன்று இருந்தது.

```json
"@type": "AccountingService",
"aggregateRating": {
  "@type": "AggregateRating",
  "ratingValue": "4.9",
  "reviewCount": "212"
}
```

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மதிப்பிட்டதாக இருக்கிறது. அப்படி யாரும் மதிப்பிடவில்லை. டெம்ப்ளேட்டோடு வந்த எண். அலுவலகத்துக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் அது அவர்கள் தளத்தில், அவர்கள் பெயரில் இருக்கிறது. பொய்யான நற்சான்றுக்குப் பொறுப்பு கையெழுத்துப் போடும் ஆடிட்டருக்குத்தான் வரும், டெம்ப்ளேட் விற்றவருக்கு வராது. இதில் பரிதாபம் என்னவென்றால் இதனால் ஒரு லாபமும் கிடையாது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே போட்டுக்கொள்ளும் மதிப்பீட்டுக்கு நட்சத்திரம் காட்டுவதைக் கூகுள் 2019-லேயே நிறுத்திவிட்டது.

ஆடிட்டர் தளம் வைத்திருக்கும் யாரும் இதைத் தாங்களே பார்க்கலாம். கணினியில் பக்கத்தைத் திறந்து `Ctrl+U` அழுத்தினால் மூலநிரல் வரும். அதில் `Ctrl+F` போட்டு `best`, `consultant`, `free`, `rating`, `client` என்று ஒவ்வொன்றாகத் தேடினால் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

தலைப்பை இப்படி மாற்றினோம்: அலுவலகத்தின் பெயர், பட்டயக் கணக்காளர்கள், சென்னை. விளக்க வரியில் தி.நகர் முகவரியும் தொடங்கிய ஆண்டும் மட்டும். "முப்பது ஆண்டுச் சிறப்பான சேவை" என்று எழுதினால் அது புகழ்ச்சி. தொடங்கிய ஆண்டை மட்டும் போட்டால் அது தகவல். படிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

தமிழ்ப் பக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது. சென்னையில் யாரும் பட்டயக் கணக்காளர் என்று சொல்வதில்லை. எல்லோருக்கும் ஆடிட்டர்தான். தேடுவதும் அப்படித்தான். பட்டமாகப் போடும் இடத்தில் எல்லாம் பட்டயக் கணக்காளர் என்றே வைத்தோம். கட்டுரைகளுக்குள் "உங்கள் ஆடிட்டரிடம் இந்தத் தாளைக் கொடுங்கள்" என்பதுபோல் பேச்சு வழக்கில் வரும் இடங்களில் ஆடிட்டர் என்ற சொல் இயல்பாக வந்தது. அது யாருக்கும் பட்டம் சூட்டவில்லை.

"நான் ஒப்புக்கொள்கிறேன்" என்ற பெட்டி

பழைய தளத்தைத் திறந்ததும் ஒரு பெட்டி எழும். நாங்கள் விளம்பரம் செய்யவில்லை, நீங்களாகவே தகவல் தேடி வந்திருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்துங்கள் என்று அதில் இருக்கும். இதைப் பல ஆடிட்டர்கள் தளத்தில் பார்க்கலாம். வக்கீல்களின் தளங்களிலிருந்து வந்த வழக்கம் இது. அவர்களுக்கு பார் கவுன்சிலின் விதி தனி.

இந்தப் பெட்டி இருந்தால் உள்ளே எதையும் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முன்பு அமைத்தவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். பெட்டியில் "விளம்பரம் இல்லை" என்று எழுதிவிட்டு, அதை மூடியதும் பன்னிரண்டு வாடிக்கையாளர் லோகோ வந்தால், அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு? மேலும் தேடுபொறி அந்தப் பெட்டியை அழுத்துவதே இல்லை. பின்னால் உள்ளதை எல்லாம் படித்துத் தன் பக்கத்தில் காட்டிவிடுகிறது.

நாங்கள் பெட்டியை எடுத்துவிட்டோம். கேட்டால் மட்டும் காட்டுவதைப் பக்கத்தின் அமைப்பிலேயே கொண்டுவந்தோம். முகப்பில் பெயர், ஆண்டு, முகவரி, தொடர்பு, மேலே ஒரு பட்டியல். அவ்வளவுதான். "சேவைகள்" என்பதைச் சொடுக்கினால் தனிப் பக்கம். அங்கேயும் வருமான வரி, ஜிஎஸ்டி, நிறுவனச் சட்டம், தணிக்கை என்று தலைப்புகள் மட்டும் மூடியபடி இருக்கும். வேண்டியதை அழுத்தினால் விரியும்.

```html
<details data-nosnippet>
  <summary>GST</summary>
  ...
</details>
```

`details` எந்த நிரலும் எழுதாமல் உலாவியே திறந்து மூடும் குறிச்சொல். `data-nosnippet` என்பது இந்தப் பகுதியைத் தேடல் முடிவில் துண்டாக எடுத்துக் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்வது. ஆனால் கூகுள் இந்தக் குறியை `div`, `span`, `section` ஆகிய மூன்றில் மட்டும்தான் மதிக்கும். நான் முதலில் மேலே காட்டியபடி `details`-இலேயே போட்டுவிட்டேன். சோதித்தபோது சேவைப் பட்டியல் தேடலில் துண்டாக வந்தது. பிறகு முழுவதையும் ஒரு `div`-க்குள் வைத்து அதில் குறியைப் போட்டதும் சரியானது. இந்த அளவுக்குப் போக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தேடுபவர் தானாகத் தேடுவதால் அதுவே புல் என்று வாதாடலாம். பெரியவருக்கு வாதாடும் நிலைமையே வரக் கூடாது என்று இருந்தது. எனக்கும் அது சரியென்று பட்டது.

வந்து ஐந்து வினாடியில் "வணக்கம், ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?" என்று தானாக எழும் வாட்ஸ்அப் குமிழியும், அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கும் பட்டையும் போயின. கேள்விப் படிவத்தில் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் மாதாமாதம் மடல் போய்க்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தினோம். கேள்வி கேட்டவர் அந்தக் கேள்விக்குப் பதில்தான் கேட்டார், மாத மடல் கேட்கவில்லை. தளத்துக்கு வெளியே ஒன்று இருந்தது. ஏசி மெக்கானிக், தச்சர், கல்யாண ஏற்பாட்டாளர் எல்லோரையும் சேர்த்துப் பட்டியலிடும் ஒரு செயலியில் அலுவலகத்தின் பெயர் பணம் கட்டிச் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த மாதிரித் திரட்டுச் செயலிகளில் உறுப்பினர்கள் பட்டியலிட்டுக்கொள்ளக் கூடாது என்று இன்ஸ்டிட்யூட்டின் அன்றைய நெறிமுறைத் தொகுப்பு சொன்னது. அதிலிருந்து எடுக்க மூன்று வாரம் ஆனது.

பெயர் சொல்லாமல் நம்பிக்கை தருவது

எல்லாவற்றையும் கழித்த பிறகு மகள் கேட்ட கேள்வி நியாயமானது. "இப்ப இதைப் பார்த்து ஒருத்தர் எங்களை ஏன் நம்பணும்?"

அதற்கு விடை "கையாண்ட பணிகளின் தன்மை" என்ற பகுதியில் கிடைத்தது. விதி அனுமதிக்கும் இடம், ஆனால் பெரும்பாலோர் அதில் "ஜிஎஸ்டி, வருமான வரி, ஆடிட்" என்று மூன்று சொல் போட்டு முடித்துவிடுகிறார்கள். மகள் முதலில் எழுதியது இது: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு வால்வு ஏற்றுமதி நிறுவனத்துக்குத் தேங்கிக் கிடந்த ஜிஎஸ்டி ரீஃபண்டைக் கோடிக்கணக்கில் பெற்றுத் தந்தோம்.

பெயர் இல்லைதான். ஆனால் அம்பத்தூரில் வால்வு ஏற்றுமதி செய்பவர்கள் எத்தனை பேர்? பக்கத்து யூனிட்காரர் படித்தால் யார் என்று சொல்லிவிடுவார். தொழில் வழியாகத் தெரிந்த வாடிக்கையாளர் விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவது இரண்டாவது அட்டவணையில் தனிக் குற்றம், முதல் அட்டவணையைவிடக் கடுமையானது. "பெற்றுத் தந்தோம்" என்பது வெற்றியைச் சொல்லி அடுத்தவரை இழுப்பது.

இரண்டாவது முறை இடத்தையும் பொருளையும் தொகையையும் எடுத்தார். மிஞ்சியது "ஏற்றுமதியாளர்களுக்கு ஜிஎஸ்டி ரீஃபண்ட்" என்ற உப்புச்சப்பில்லாத வரி. இதை யாரும் எழுதலாம்.

மூன்றாவது முறை நான் அவரிடம் வேறு விதமாகக் கேட்டேன். வாடிக்கையாளரை விடுங்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், எந்த மேசையில் மாட்டிக்கொண்டது? அவர் யோசிக்காமல் சொன்னார்: விண்ணப்பம் போட்டதும் ஆர்எஃப்டி-03 வந்துவிடும், அதாவது குறைபாட்டுக் குறிப்பு. அது வந்தால் பழைய விண்ணப்பத்துக்குப் பதில் போட முடியாது, குறையைச் சரிசெய்து புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு வருடக் கெடுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷிப்பிங் பில்லில் இருக்கும் மதிப்பும் ரிட்டர்னில் இருக்கும் மதிப்பும் ஒத்துப்போகாததுதான் அடிக்கடி வரும் குறை.

அதைத்தான் எழுதினோம். "ஏற்றுமதி தொடர்பான ஜிஎஸ்டி ரீஃபண்ட் விண்ணப்பங்கள், குறைபாட்டுக் குறிப்புக்குப் பின் மறுவிண்ணப்பம், ஷிப்பிங் பில், ரிட்டர்ன் மதிப்பு வேறுபாடுகளைச் சரிபார்த்தல், ஆர்எஃப்டி-08 அறிவிப்புக்கு விளக்கம்." இதில் யாருடைய விவரமும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் ரீஃபண்டுக்காக ஆறு மாதமாக அலைகிற ஒருவர் இதைப் படித்தால், இவர்கள் அந்த வழியில் நடந்தவர்கள் என்று தெரிந்துகொள்வார். என்னைக் கேட்டால் பன்னிரண்டு லோகோவைவிட இந்த நாலு வரிக்குக் கனம் அதிகம். அந்த நிறுவனங்கள் எதற்காக வந்தன என்று லோகோ சொல்லாது.

இன்னொன்று, சரிபார்க்கக்கூடிய எண்கள். ஒவ்வொரு பங்குதாரரின் உறுப்பினர் எண், தகுதி பெற்ற ஆண்டு, அலுவலகத்தின் பதிவு எண் ஆகியவற்றை வைத்தோம். தென் மண்டலத்தில் பதிவான அலுவலகம் என்பதால் அந்தப் பதிவு எண் `S` என்ற எழுத்தில் முடியும். இன்ஸ்டிட்யூட்டின் தளத்துக்கு இணைப்பு கொடுக்க அனுமதி உண்டு, கொடுத்தோம்.

ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் உரிய தனி அடையாள எண்ணான யுடிஐஎன் பற்றி ஒரு சிறு பக்கம் தனியாக எழுதினோம். பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர் சொத்து மதிப்புச் சான்றிதழ் கேட்டு வருவது சென்னை ஆடிட்டர் அலுவலகங்களில் அன்றாடம். 2019 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து எல்லாச் சான்றிதழுக்கும் இந்த எண் கட்டாயம். பதினெட்டு எழுத்தும் எண்ணுமாக இருக்கும். முதல் இரண்டு ஆண்டைக் குறிக்கும், அடுத்த ஆறு கையெழுத்திட்டவரின் உறுப்பினர் எண், மீதிப் பத்து கணினி தருவது. சான்றிதழை வாங்கியவர் `udin.icai.org` தளத்தில் போட்டுப் பார்க்கலாம். கையில் உள்ள தாளில் அந்த ஆறு இலக்கம், கீழே உள்ள முத்திரையில் இருக்கும் உறுப்பினர் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். இதை விளக்கும் பக்கம் அலுவலகத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

தேதியின் கதை

கட்டுரைகள் எழுத அனுமதி உண்டு. மகள் முதலில் எழுதியது வெளிநாட்டில் இருப்பவர் சென்னையில் வீட்டை விற்பது பற்றி. துபாயில் இருப்பவர் அண்ணா நகர் ஃபிளாட்டை 1 கோடியே 20 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் வழக்கம்போல ஒரு சதவீதம், அதாவது 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் டிடிஎஸ் பிடித்துக் கட்டிவிடுவார். அது விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால்தான். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், அன்று நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195-ஆவது பிரிவு பொருந்தியது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு அப்போது 20 சதவீதம், சர்சார்ஜும் செஸ்ஸும் தனி. குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்காவிட்டால் நடைமுறையில் மொத்த விலைமீதும் பிடிப்பார்கள், 24 லட்சத்துக்கு மேல் முடங்கும். அப்போது படிவம் 13 போட்டு அந்தச் சான்றிதழை விற்பனைக்கு முன்பே வாங்க வேண்டியிருந்தது. குறைத்துப் பிடித்தால் மாட்டிக்கொள்பவர் வாங்குபவர்.

தளம் எந்தத் தேதி வரை புதுப்பிக்கப்பட்டது என்று குறிப்பிட வேண்டும் என்பது இன்னொரு விதி. எனக்கு அது சடங்கு போலத் தோன்றியது. அடிப்பகுதியில் ஒரு வரி நிரல் போட்டுவிட்டேன்.

```js
el.textContent = new Date().toLocaleDateString();
```

எப்போது திறந்தாலும் அன்றைய தேதி வரும். வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஏற்றிய மூன்றாம் நாள் மகள் கூப்பிட்டார். "நேத்து ஒண்ணும் மாத்தலையே, ஏன் இன்னிக்குத் தேதி காட்டுது? இது பொய்யில்லையா?" பொய்தான். ஒவ்வொரு நாளும் யாரும் தொடாத பக்கம் ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் அதைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியைக் கையால் எழுதும்படி மாற்றினோம். அவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் தேதி மாறும்.

2024 ஜூலை 23 அன்று பட்ஜெட். அன்றைய தேதியிலிருந்தே நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் ஆனது, விலைவாசிக் குறியீட்டுச் சலுகை போனது. எங்கள் கட்டுரை ஒரே மதியத்தில் தவறாகிவிட்டது. அலுவலகத்தில் அது ரிட்டர்ன் தாக்கல் கெடுவின் கடைசி வாரம், யாருக்கும் கட்டுரை ஞாபகம் வரவில்லை.

நாலு நாள் கழித்து துபாயிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார். முன்பின் தெரியாதவர். "உங்க பக்கத்துல மே 10 வரைக்கும் சரிபார்த்ததுன்னு போட்டிருக்கு. பட்ஜெட்டுக்கு அப்புறம் மாறியிருக்குமே, இப்ப எவ்வளவு?" என்று கேட்டார். பழைய நிரல் இருந்திருந்தால் அவருக்கு ஜூலை 27 என்று காட்டியிருக்கும். 20 சதவீதம் என்பதை அன்றைய நிலவரம் என்று நம்பியிருப்பார்.

அன்று மாலையே கட்டுரையின் தலையில் "23 ஜூலை 2024 முதல் விகிதம் மாறியுள்ளது, திருத்தம் நடக்கிறது" என்று ஒரு வரி ஏற்றினோம். ஆகஸ்டில் நிதி மசோதாவில் இன்னொரு மாற்றம் வந்தது. ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்குப் பழைய 20 சதவீதமா புதிய 12.5-ஆ, எது குறைவோ அதைக் கட்டலாம் என்ற சலுகை. ஆனால் அது இங்கே வசிக்கும் தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும், வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது. செய்தியைப் பாதி படித்தவர்கள் தங்களுக்கும் உண்டு என்று நினைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மகள் அந்த ஒரு வித்தியாசத்தை முதல் பத்தியாகப் போட்டு முழுவதையும் திருத்தி எழுதினார்.

தளத்தை மாற்றிய பிறகு வரும் அழைப்புகள் முன்பைவிடக் குறைவு. "எவ்வளவு சார்ஜ்?" என்று கேட்டுவிட்டு வைப்பவர்கள் ஏறக்குறைய நின்றுவிட்டார்கள். இப்போது வருபவர்கள் கையில் ஒரு நோட்டீஸோ, பத்திர நகலோ வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பட்ஜெட் அன்று மாலை எல்லாக் கட்டுரைகளையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது என்று மகள் தன் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார், எனக்கும் ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டார்.